கண்ணில் மினுக்கும் வளைவும் மரத்துப்போகும் விரலும்: மைக்ரேனா, ஸ்ட்ரோக்கின் முன்னறிவிப்பா?

கேள்வி: "எனக்கு வயது 36, கோலாலம்பூரில் கணக்கு வேலை. போன வாரம் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எண்களுக்கு நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வலது பக்கம் பல் பல்லாக ஒரு வெளிச்சம் வளைந்து மினுக்கியது. அது போனதும் வலது கைவிரல்களில் ஊசி குத்துவது போல ஆரம்பித்து வாய் ஓரம் வரைக்கும் வந்தது. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாகி, பிறகு பயங்கரத் தலைவலி. இதற்கு முன் இப்படி வந்ததே இல்லை. கிளினிக்கில் மைக்ரேன் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். என் அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது, அதனால் தூக்கமே வரவில்லை. இது மைக்ரேன்தானா, ஸ்ட்ரோக் வரப்போகிறது என்பதன் அறிகுறியா? எப்படித் தெரிந்துகொள்வது?"

நீங்கள் எழுதியிருக்கும் வரிசையை வைத்துப் பார்த்தால், மைக்ரேன் தலைவலிக்கு முன்னால் பார்வையிலும் உணர்விலும் வந்துபோகும் 'ஆரா'வாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். கிளினிக் டாக்டர் சொன்னதைத்தான் நானும் சொல்வேன். ஆனால் முதல் தடவையாக வந்தது என்பதால், அன்றைக்கே ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போயிருக்க வேண்டும் என்றும் சொல்வேன். இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன். பினாங்கில் நரம்பியல் மருத்துவராக 20 ஆண்டுகளுக்கு மேல் இதே கேள்வியைக் கேட்டு வருகிறேன். கேட்பவர்களில் பாதிப் பேர் உங்களைப் போல வீட்டில் ஒரு ஸ்ட்ரோக்கைப் பார்த்தவர்கள். உங்களை நேரில் பரிசோதிக்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என்ன வந்தது என்பதைவிட, அது எப்படி நகர்ந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். வெளிச்சம், மரத்துப்போதல், பேச்சுக் குழறல் மூன்றுமே மைக்ரேனிலும் வரும், ஸ்ட்ரோக்கிலும் வரும். ஆரா ஊர்ந்து வரும். ஓரிடத்தில் சின்னதாகத் தொடங்கி, பல நிமிடங்கள் எடுத்துப் பெரிதாகி, ஒன்று தணியும்போது அடுத்தது தலைகாட்டும். ஸ்ட்ரோக்கும், அதன் முன்னறிவிப்பாக மூளையின் ரத்தக்குழாயில் வந்துபோகும் சிறு அடைப்பும் விளக்கை அணைத்தது போல வரும். ஒரு நொடிக்கு முன் இருந்த பலமும் பார்வையும் பேச்சும் மறுநொடி இருக்காது.

இதற்குக் காரணம் மூளைக்குள்ளேயே இருக்கிறது. ஆராவின்போது மூளையின் மேல்தோல் போன்ற பகுதியில் ஒரு அலை மெல்ல நகர்கிறது. அலையின் முன்விளிம்பு தொடும் நரம்பணுக்கள் முதலில் தாறுமாறாகத் துடிக்கின்றன. அலை கடந்துபோனதும் அதே அணுக்கள் சில நிமிடங்கள் அடங்கிவிடுகின்றன. பிரேசிலைச் சேர்ந்த லியாவோ என்ற ஆய்வாளர் 1944-இல் முயல்களின் மூளையில் இந்த அலையைப் பதிவு செய்தார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர், தனக்கே வந்த ஆராவைத் தாளில் திரும்பத் திரும்ப வரைந்து, மூளையில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று கணக்குப் போட்டிருந்தார். இரண்டு வேகமும் ஒத்துப்போயின. 3 மில்லிமீட்டர் என்பது மூன்று நான்கு அரிசி மணிகளைப் பக்கம் பக்கமாக வைத்தால் வரும் அகலம் கூட இல்லை. ஒரு நிமிடம் முழுக்க அவ்வளவுதான் நகர்கிறது. அதனால்தான் ஆராவுக்கு அவசரமே கிடையாது.

இப்போது உங்களுக்கு வந்ததைத் திரும்பப் பாருங்கள். நடுவில் விழுந்த ஓட்டை, அலை கடந்துபோய் அடங்கிக் கிடக்கும் இடம். அதைச் சுற்றி மினுக்கிய பல்வரிசை, அலையின் துடிக்கும் முன்விளிம்பு. பார்வைக்கான பகுதி தலையின் பின்புறத்தில் இருக்கிறது. அலை அங்கிருந்து முன்னே வந்து, தொடு உணர்வுக்கான பகுதியை எட்டும்போது விரலில் ஊசி குத்துகிறது. உடம்பில் விரலுக்கும் உதட்டுக்கும் இடையே ஒரு கை நீளம் இருந்தாலும், மூளையில் அவற்றின் இடங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அதனால் விரலில் தொடங்கியது முழங்கைக்கு மேலே போகாமலேயே வாய் ஓரத்துக்குத் தாவிவிடும். வலது பக்கத்துப் பார்வை, வலது கை, வலது வாய் ஓரம் மூன்றுமே இடது பக்க மூளையைச் சேர்ந்தவை. ஒரே அலை ஒரே பாதையில் நடந்திருக்கிறது என்ற கதையோடு இது பொருந்துகிறது.

இதை எனக்குத் தெளிவாகக் காட்டியவர் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பட்டர்வொர்த் பக்கம், அப்போது அவருக்கு 41 வயது. ஆசிரியர் அறையில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். 10.40-க்கு ஒரு மாணவியின் பெயரில் 'கவிதா' என்ற இடத்தில் நடுவெழுத்து மட்டும் காணவில்லை. 'க' தெரிகிறது, 'தா' தெரிகிறது, 'வி' இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாள். பேனாவை நகர்த்தினால் பேனாமுனையும் அங்கே மறைகிறது. பயந்துபோனாலும் கையிலிருந்த சிவப்புப் பேனாவால் ஒரு தாளின் பின்பக்கத்தில் நேரத்தைக் குறிக்க ஆரம்பித்தார். 10.45-க்கு ஓட்டை ஒரு பத்து சென் காசு அளவு, இடது ஓரத்தில் மினுமினுப்பு. 10.52-க்கு அது ஒரு பக்கம் திறந்த வளைவாக விரிந்து, கோட்டைச் சுவர் மாதிரி கோணல் கோணலாகக் கொதித்துக்கொண்டிருந்தது. 11.02-க்கு வளைவு பார்வையின் இடது எல்லையைத் தாண்டி மறைந்தது. நடுவில் எழுத்தெல்லாம் திரும்ப வந்துவிட்டது. 11.05-க்கு இடது சுண்டுவிரல். 11.12-க்கு உள்ளங்கையும் மணிக்கட்டும். 11.16-க்கு இடது உதட்டோரமும் நாக்கின் இடது பாதியும்; அந்த நேரத்தில் சுண்டுவிரல் ஏற்கெனவே தெளிந்திருந்தது. 11.30-க்கு எல்லாம் போய், 11.45-க்கு வலது பொட்டில் வலி இடிக்கத் தொடங்கியது. அந்தச் சிவப்புக் குறிப்பைப் பார்த்ததும் எனக்குப் பெரும்பாலும் விஷயம் புரிந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்தோம், அது சுத்தமாக வந்தது.

அந்தக் குறிப்பில் இன்னொரு நுட்பம் உண்டு. வளைவு நடுவில் மெதுவாகவும் ஓரத்தை நெருங்க நெருங்க வேகமாகவும் ஓடியதாக அவர் சொன்னார். மூளையில் அலையின் வேகம் கூடவில்லை. பார்வையின் நடுப்பகுதிக்கு மூளை நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறது, ஓரத்துக்குக் குறைவாகவே ஒதுக்கியிருக்கிறது. அதே 3 மில்லிமீட்டர் ஓரத்தில் பெரிய தாவலாகத் தெரியும். நோயாளி தானாக இதைச் சொன்னால் எனக்குச் சந்தேகம் வெகுவாகக் குறையும், ஏனென்றால் இதை யாரும் கற்பனையாகச் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒருவரையும் சொல்ல வேண்டும். 63 வயது, லாரி நிறுவனத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தார். வலது கையிலிருந்த பை நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனால் விரல் மடங்கவில்லை. "அண்ணே, வாய் கோணுது" என்று மீன்காரர்தான் முதலில் சொன்னார். பதில் சொல்ல வாயெடுத்தவருக்கு வார்த்தை குழைந்தது. கை, வாய், பேச்சு மூன்றும் ஒரே சமயத்தில். வெளிச்சம் இல்லை, ஊசி குத்தல் இல்லை, தலைவலியும் இல்லை. பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அதுதான் ஆபத்தாகப் போனது. வீட்டில் 'வாயு பிடித்திருக்கிறது' என்று எண்ணெய் தேய்த்து நீவிவிட்டுப் படுக்க வைத்தார்கள். மறுநாள் காலையில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கழுத்தின் இடது பக்க ரத்தக்குழாய் பெரிதும் சுருங்கியிருந்தது. முதல் நாளே வந்திருந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைத் தொடங்கியிருப்போம், குழாயைச் சரிசெய்ய ஏற்பாடும் செய்திருப்போம். இப்படி வந்துபோகும் அடைப்புக்குப் பிறகு முழு ஸ்ட்ரோக் வரும் அபாயம் முதல் இரண்டு நாட்களில்தான் உச்சத்தில் இருக்கிறது. அதனால் 'சரியாகிவிட்டது' என்பது வீட்டில் இருப்பதற்குக் காரணம் ஆகாது.

இந்த இரண்டு பேரிடமும் இன்னொரு வேறுபாடு தெரிகிறது. ஆரா பெரும்பாலும் இல்லாத ஒன்றைச் சேர்க்கும்: வெளிச்சம், கோணல் கோடு, ஊசி குத்தல். அடைப்பு இருப்பதை எடுத்துவிடும்: பார்வை போகும், பலம் போகும், உணர்வு போகும். நோயாளிகள் இரண்டுக்கும் 'மரத்துப்போச்சு' என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். அதனால் நான் விடாமல் கேட்பேன்: எறும்பு ஊர்ந்ததா, பல் பிடுங்கும்போது ஊசி போட்ட உதடு மாதிரி வெறுமையாக இருந்ததா, தூக்க முடியாமல் கை தொங்கியதா? மூன்றும் மூன்று வேறு விஷயங்கள்.

கண் விஷயத்தில் ஒரு எளிய சோதனை உண்டு. மினுக்கல் இருக்கும்போதே ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணை. ஆரா மூளையில் நடப்பதால் எந்தக் கண்ணை மூடினாலும் அதே பக்கத்தில் தெரியும். இரண்டையும் மூடினாலும் இருட்டில் மினுக்கும். ஒரு கண்ணை மூடினால் தொல்லை முழுவதும் மறைந்துவிடுகிறது என்றால் கோளாறு அந்தக் கண்ணில் அல்லது அதற்குப் போகும் ரத்தக்குழாயில் இருக்கிறது. ஒரே கண்ணில் திரை இறங்கியது போல இருட்டினால், அது கழுத்துக் குழாய் அடைப்பின் எச்சரிக்கையாகவோ விழித்திரை பிரிவதாகவோ இருக்கலாம். இரண்டுக்குமே அன்றே ஓட வேண்டும். பலர் 'வலது கண்ணில் தெரிந்தது' என்பார்கள். மூடிப் பார்க்கச் சொன்னால் வலது பக்கம் என்றுதான் ஆகும்.

இனி, இந்த விதி எங்கே என்னைக் கைவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊர்ந்து வருவது மைக்ரேன், சட்டென வருவது அடைப்பு என்பது பெரும்பாலும் சரி, எப்போதும் சரி அல்ல. கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தால், இளம் வயதிலேயே தலைவலியோடும் கண்ணில் மினுக்கலோடும் ஸ்ட்ரோக் வரக்கூடும். அதனால் கழுத்தின் ஒரு பக்கத்தில் புதிதாக வலி இருக்கிறதா, சமீபத்தில் விபத்து நடந்ததா, முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கெடுத்தார்களா என்று கேட்பேன். இந்தக் கேள்விக்கு நம் ஆட்களிடம் 'ஆமாம்' என்ற பதில் அடிக்கடி வருகிறது. வயதானவர்கள் இன்னொரு சிக்கல். 50-க்கு மேல் தலைவலியே இல்லாமல் ஆரா மட்டும் வருவது உண்டு. மில்லர் ஃபிஷர் என்ற நரம்பியல் மருத்துவர் 1980-இல் இதை விரிவாக எழுதினார். ஆனால் 70-ஐ ஒட்டிய ஒருவருக்கு விரலிலிருந்து முகத்துக்கு ஊரும் மரப்பு திரும்பத் திரும்ப வந்தால், மூளையின் மேற்பரப்பில் மெல்லிய ரத்தக்கசிவு இருக்கக்கூடும். அது மைக்ரேன் போலவே ஊரும். அப்போது ஆஸ்பிரின் கொடுத்தால் கெடுதல். அதனால் ஸ்ட்ரோக் சந்தேகத்தில் யாரும் வீட்டிலேயே ஆஸ்பிரின் விழுங்க வேண்டாம். ஸ்கேன் பார்த்த பிறகுதான் அது நல்லதா கெட்டதா என்று தெரியும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போதும் இதே குழப்பத்தில் வருவார்கள்; விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாலே அது தெரிந்துவிடும்.

ஆகவே முதல் தடவை என்றால், எவ்வளவு ஊர்ந்து வந்தாலும், அதை மைக்ரேன் என்று வீட்டில் முடிவு செய்யும் உரிமை யாருக்கும் இல்லை. எனக்கே வந்தாலும் நான் போவேன். பலமுறை ஒரே மாதிரி வந்து பழகிய ஆராவும் வழக்கத்தை மீறினால் அப்படித்தான்: ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், கை உண்மையிலேயே பலமிழந்தால், சட்டென ஒரே நொடியில் வந்தால், அதுவரை இல்லாத கடும் தலைவலி இடி போல இறங்கினால் 999. ஸ்ட்ரோக்கில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரம்தான் கெடு. அதற்குள்ளும் முந்தினால் முந்திய அளவுக்கு நல்லது. அங்கே போய் 'மைக்ரேன்தான்' என்று திருப்பி அனுப்பப்பட்டால் ஒரு மாலை நேரம் போகும், அவ்வளவுதான்.

உங்களுக்கு இப்போது செய்ய வேண்டியது. ஒரு வாரம் ஆகிவிட்டதால் நள்ளிரவில் ஓட வேண்டியதில்லை, ஆனால் இந்த வாரத்துக்குள் நரம்பியல் மருத்துவரையோ பெரிய மருத்துவமனையின் பொது மருத்துவரையோ பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இதயத்துடிப்பின் ஒழுங்கு பார்ப்பார்கள். முதல் ஆரா, கையும் சேர்ந்து மரத்திருக்கிறது, அம்மாவுக்கு ஸ்ட்ரோக் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், நானாக இருந்தால் எம்.ஆர்.ஐ. கேட்பேன், வேறு மருத்துவர் வேண்டாம் என்றும் சொல்லலாம், அதிலும் நியாயம் இருக்கிறது. அம்மாவுக்கு எந்த வயதில் வந்தது, அடைப்பா ரத்தக்கசிவா, அழுத்தமும் சர்க்கரையும் இருந்தனவா என்று கேட்டு வைத்துக்கொண்டு போங்கள். 70 வயதில் கட்டுப்படாத அழுத்தத்தால் வந்த ஸ்ட்ரோக் என்றால், உங்கள் கண்ணில் மினுக்கிய வெளிச்சத்துக்கும் அதற்கும் பெரிய தொடர்பு இல்லை.

கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்தால், அதை முதல் வேலையாக மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆரா உள்ள மைக்ரேன் இருப்பவர்களுக்கு அடைப்பு ஸ்ட்ரோக்கின் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் 36 வயதில் அந்த அபாயம் முதலிலேயே மிகச் சிறியது. சிறியதன் இரண்டு மடங்கும் சிறியதுதான். அதை உண்மையிலேயே பெருக்குவது புகைபிடிப்பதும், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையும். ஆரா உள்ள பெண்களுக்கு எந்த வயதிலும் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை வேண்டாம் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஈஸ்ட்ரோஜன் இல்லாத வகைகள் இருக்கின்றன, மாற்றிக்கொள்ளலாம். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையை மருந்தகத்தில் தாங்களாக வாங்கிப் பல ஆண்டு சாப்பிட்டு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆரா இருக்கிறதா என்று அவர்களிடம் யாரும் கேட்டதே இல்லை. அந்த ஒரு கேள்வி கேட்கப்படாமல் போவது எனக்கு இன்றைக்கும் வேதனை தருகிறது. ஆரா உள்ளவர்களுக்கு ஏன் அபாயம் கூடுகிறது என்பதில் இன்னும் ஒருமித்த விடை இல்லை. இதயச் சுவரில் பிறவியிலேயே இருக்கும் சிறு துளை இவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. ஆனால் மைக்ரேனுக்காக மட்டும் அந்தத் துளையை அடைப்பதால் பலன் உண்டு என்று உறுதியாகவில்லை. யாராவது அப்படி ஆலோசனை சொன்னால் இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.

அடுத்த முறை வந்தால், வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் முதலில் ஓரங்கட்டுங்கள். பார்வையில் விழுந்த ஓட்டைக்குள் ஒரு மோட்டார்சைக்கிளே மறைந்துவிடும், மறைந்திருப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. கைப்பேசியில் நேரத்தைப் பாருங்கள். கண்ணை மாற்றி மாற்றி மூடுங்கள். இரண்டு கையையும் முன்னே நீட்டிப் பத்து வரை எண்ணுங்கள். ஒன்று தானாகக் கீழே இறங்கினால் அது பலக்குறைவு, உடனே 999. கண்ணாடியில் பல் தெரியச் சிரித்துப் பாருங்கள். யாரிடமாவது ஒரு முழு வாக்கியம் பேசுங்கள். எல்லாம் சரியாக இருந்து, மினுக்கல் மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தால், இருட்டான இடத்தில் உட்காருங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைச் சீக்கிரமே போட்டுக்கொள்ளலாம். டிரிப்டான் வகையாக இருந்தால் தலைவலி தொடங்கும்போது போடுங்கள், ஆராவின்போது போட்டால் அவ்வளவாக வேலை செய்யாது. இதய நோயோ ஸ்ட்ரோக்கோ வந்தவர்களுக்கு அந்த வகை மருந்தே கூடாது, அதனால் அம்மாவின் பையிலிருந்தோ உங்கள் பையிலிருந்தோ ஒருவருக்கொருவர் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

இன்றைக்கே ஒரு தாளில் அந்த வளைவை வரைந்து வையுங்கள். எந்தப் பக்கம் திறந்திருந்தது, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனதா, விரலில் தொடங்கியது உதட்டுக்கு வர எத்தனை நிமிடம் ஆனது, தோராயமாக இருந்தாலும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வாரத்தில் நினைவு மங்கும், மருத்துவரின் அறையில் பதற்றத்தில் இன்னும் மங்கும். அந்தத் தாளை அவர் மேசைமேல் வைத்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.